44 வயதில் புதிய தொழிலுக்குச் செல்லும் அக்காவுக்கு எழுதிய வாசகங்கள்

பத்தொன்பது ஆண்டுகள் கணக்குப் பிரிவில் பணியாற்றிவிட்டுச் செவிலியர் பயிற்சியில் சேரும் என் மூத்த சக ஊழியருக்காக, மனம் தளரும் நாளில் அவர் ஒவ்வொன்றாக எடுத்துப் படிப்பதற்கென்று இவற்றை எழுதுகிறேன்.

அக்கா, நீங்கள் வேலையை விட்டுச் செல்கிறீர்களே தவிர, அந்த வேலை பழக்கித்தந்த கண்ணை விட்டுச் செல்லவில்லை. ஆயிரம் பதிவுகளுக்கு நடுவே பொருந்தாத ஒற்றை எண்ணைப் பிடித்து நிறுத்திய அதே கண், நாளை மருந்துச் சீட்டில் அளவு மாறியிருப்பதையும் பிடித்து நிறுத்தும்.

பயப்படுவது கோழைத்தனம் அன்று. இருபது வயதில் வராத பயம், வீட்டுக்கடனும் பிள்ளைகளின் படிப்பும் தோளில் இருக்கும் இந்த வயதில் வருகிறது என்றால், உங்கள் பொறுப்புணர்வுதான் அப்படிப் பேசுகிறது. அதை அதட்டி அடக்காதீர்கள். சம்பளம் குறைந்தால் எத்தனை மாதம் தாங்கும் என்று அது கேட்டால், தாளில் கணக்கெழுதிப் பதில் சொல்லுங்கள்.

‘ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா’ என்று யாராவது கேட்டால் வருந்தவேண்டாம். கணக்கு மென்பொருள் மாறிய ஒவ்வொரு முறையும், சலிக்காமல் முதலில் வளைந்தவர் நீங்கள்.

மூன்று முறை படித்தால்தான் மனத்தில் நிற்கிறது என்றால் மூன்று முறை படியுங்கள். நான்காம் முறை படித்தாலும் யாரும் எண்ணப்போவதில்லை.

‘ஒன்றுமில்லாத இடத்திலிருந்து தொடங்குகிறேன்’ என்று மட்டும் சொல்லாதீர்கள். நரம்பைக் கண்டறிந்து ஊசி போடுவதில் நீங்கள் புதியவர்தான், அதைத் தயங்காமல் ஒப்புக்கொள்ளுங்கள். ஆனால் கோபத்தோடு வந்து நிற்பவரை உட்காரவைத்து, அவர் சொல்வதை முழுவதும் கேட்ட பிறகே பேசத் தொடங்கும் பொறுமையில் நீங்கள் புதியவர் அல்லர். தெரியாத ஒன்றின் நடுக்கத்தில், தெரிந்த பத்தையும் மறந்துவிடவேண்டாம்.

உங்களைவிடப் பதினைந்து வயது இளையவர் உங்கள் தவற்றைத் திருத்தும்போது மனம் சுருங்கினால், பற்று எது வரவு எது என்று புரியாமல் உங்கள் மேசை அருகே நான் நின்ற முதல் நாளை நினைத்துக்கொள்ளுங்கள். கேட்டுத் தெரிந்துகொள்வதால் ஒருவருடைய மதிப்பு குறைவதில்லை என்பதை அன்று எனக்கு உணர்த்தியவர் நீங்கள்தான்.

60 வயது வரை உழைப்பதாக வைத்துக்கொண்டாலும் இன்னும் 16 ஆண்டுகள் இருக்கின்றன. கணக்கில் நீங்கள் தேர்ந்தவராக எத்தனை ஆண்டுகள் ஆயின என்று எண்ணிப் பாருங்கள், அக்கா.

கடைசி நாளில் மேசையைத் துடைத்துவைக்கும்போது கண்ணீர் வந்தால் வரட்டும். பத்தொன்பது ஆண்டுகளைக் கொடுத்த இடத்தைப் பிரியும்போது அழுவதால், எடுத்த முடிவு தவறாகிவிடாது.