4ஆம் வகுப்புப் பெருக்கல்: அனுப்பிய படத்தை வைத்துப் போட்ட புதுப் பயிற்சித்தாளும் விடைக்குறிப்பும்

வீட்டில் பார்க்கிறவருக்கு (பாப்பாவிடம் காட்ட வேண்டாம்)

வணக்கம் அம்மா. பாப்பா எழுதிய பள்ளித் தாளை நீங்கள் எடுத்து அனுப்பிய படத்தில் நான்கு வரிசைக் கணக்குகளும் இரண்டு வாக்கியக் கணக்குகளும் இருக்கின்றன. முதல் வரிசை கையில் எதுவும் வராத கணக்கு (23 × 3 போல). இரண்டாவதில் கையில் வரும், விடை இரண்டு இலக்கம் (27 × 3). மூன்றாவதில் விடை மூன்று இலக்கம் (58 × 6). நான்காவது வரிசை முழுவதும் பூஜ்ஜியம் வரும் எண்கள் (305 × 4). புதுத்தாளும் இதே வரிசையில்தான் இருக்கிறது.

படத்தில் இரண்டு இடம் தெளிவில்லை. கடைசிக் கணக்கு கிளிப்புக்கு அடியில் போய்விட்டதால் அதை விட்டுவிட்டோம். மூன்றாம் வரிசையின் முதல் எண் நிழலில் 64 போலவும் 84 போலவும் தெரிந்தது. அது 64 என்று பாப்பா எழுதிய விடையே சொல்லிவிட்டது, எப்படி என்று கீழே வரும். அடுத்த முறை தாளைக் கிளிப்பிலிருந்து எடுத்து, பகல் வெளிச்சத்தில், நேர் மேலிருந்து படம் எடுங்கள்.

தெரிகிற 17 கணக்கில் 4 சரி, 13 தவறு. எண்ணிக்கையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பதின்மூன்றிலும் இருப்பது ஒரே தவறு. வாய்ப்பாட்டில் ஒரு பிழைகூட இல்லை, ஆகவே "வாய்ப்பாடு படிக்கவில்லை" என்று சொல்லிவிடாதீர்கள்.

58 × 6-க்குப் பாப்பா 548 எழுதியிருக்கிறாள். 8 × 6 = 48; 8 போட்டு, கையில் 4. இதுவரை சரி. அதன்பிறகு 5 × 6 பெருக்கி அதோடு 4-ஐக் கூட்டாமல், முதலில் 5 + 4 = 9 என்று கூட்டிக்கொண்டு 9 × 6 = 54 போட்டிருக்கிறாள். சரியான விடை 348. மற்ற விடைகளும் இப்படியே: 36 × 2-க்கு 82, 46 × 9-க்கு 814, 305 × 4-க்கு 1280. நிழலில் இருந்த எண்ணுக்கு விடை 568. 64 × 7-ஐ இந்த முறையில் போட்டால் (6 + 2) × 7 = 56, பின்னால் 8, ஆக 568. 84 ஆக இருந்திருந்தால் 708 வந்திருக்கும்.

இந்தத் தவறு கவனக்குறைவால் வருவதில்லை. கூட்டல் கணக்கில் கையில் உள்ளதைப் பத்தின் தலைமேல் எழுதி, அந்த வரிசையோடு முதலில் கூட்டப் பழகியிருக்கிறாள். பெருக்கலிலும் அதே இடத்தில் எழுதியதால் கை தானாகக் கூட்டிவிடுகிறது. அதனால் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள்: கையில் உள்ள எண்ணைத் தலைமேல் எழுத விடாமல், கணக்கின் வலப்பக்கம் ஒரு சிறு கட்டம் போட்டு அதற்குள் எழுதச் சொல்லுங்கள். கூட்டி முடித்ததும் கட்டத்தை அடித்துவிட வேண்டும்.

அதற்கு முன் 58 × 6-ஐ ஒருமுறை உடைத்துக் காட்டுங்கள்: 50 × 6 = 300, 8 × 6 = 48, இரண்டும் சேர்ந்து 348. கையில் இருக்கும் 4 என்பது 48-இல் உள்ள நான்கு பத்து. அது ஏற்கெனவே பெருக்கி வந்தது, இன்னொரு முறை 6-ஆல் பெருக்கக் கூடாது. இதை அவள் வாயால் திரும்பச் சொன்ன பிறகு தாளைக் கொடுங்கள்.

முதல் நாள் அ, ஆ. மறுநாள் இ. மூன்றாம் நாள் மீதி. நாளுக்கு இருபது நிமிடம் போதும். கட்டம் போட்ட நோட்டில் எழுதட்டும், அழிப்பான் வேண்டாம். தவறான விடை அழியாமல் இருந்தால்தான் எங்கே தடுமாறினாள் என்று நமக்குத் தெரியும்.

---

பயிற்சித்தாள்

கையில் வரும் எண்ணைப் பக்கத்துக் கட்டத்தில் எழுது. முதலில் பெருக்கு, பிறகு கூட்டு.

அ.
1) 21 × 4
2) 13 × 3
3) 34 × 2
4) 62 × 4

ஆ.
5) 29 × 3
6) 24 × 4
7) 37 × 2
8) 16 × 5

இ.
9) 73 × 6
10) 57 × 8
11) 68 × 7
12) 49 × 9
13) 84 × 6
14) 96 × 4

ஈ.
15) 207 × 4
16) 350 × 3
17) 106 × 8
18) 470 × 6

உ. தவறு எங்கே?
19) ஒரு மாணவன் 38 × 4 = 242 என்று எழுதினான். பெருக்கிப் பார்க்காமலே இது தவறு என்று எப்படிச் சொல்வாய்? (38-க்கு அருகில் உள்ள முழுப் பத்து எது?) பிறகு சரியான விடையைக் கண்டுபிடி.

ஊ. வாக்கியக் கணக்குகள்
20) ஒரு வாழைத்தாரில் 8 சீப்பு. ஒவ்வொரு சீப்பிலும் 14 பழம். தாரில் மொத்தம் எத்தனை பழம்?
21) பேருந்துக் கட்டணம் ஆளுக்கு 28 ரூபாய். 7 பேருக்கு எவ்வளவு?
22) ஓர் அட்டையில் 30 முட்டை. பள்ளிக்கு 9 அட்டை வந்தது. 247 பேருக்கு ஆளுக்கு ஒரு முட்டை கொடுத்தால் மீதி எத்தனை?

---

விடைக்குறிப்பு

அ. 1) 84  2) 39  3) 68  4) 248

நான்காவதில் விடை மூன்று இலக்கம் என்றாலும் ஒன்றுகளிலிருந்து கையில் எதுவும் வராது. 6 × 4 = 24-ஐ அப்படியே எழுத வேண்டியதுதான். பெரிய விடை என்றாலே கையில் ஏதோ இருக்க வேண்டும் என்று தேடுகிறாளா என்று பாருங்கள்.

ஆ, இ, ஈ பகுதிகளுக்குச் சரியான விடையோடு, இரண்டு வகைத் தவறில் என்ன விடை வரும் என்பதையும் கொடுத்திருக்கிறோம். அவள் எழுதியது எந்தப் பத்தியில் இருக்கிறது என்று பார்த்தாலே காரணம் தெரிந்துவிடும்.

| எண் | கணக்கு | சரியான விடை | முதலில் கூட்டிப் பிறகு பெருக்கினால் | கையில் உள்ளதை மறந்தால் |
|---|---|---|---|---|
| 5 | 29 × 3 | 87 | 127 | 67 |
| 6 | 24 × 4 | 96 | 126 | 86 |
| 7 | 37 × 2 | 74 | 84 | 64 |
| 8 | 16 × 5 | 80 | 200 | 50 |
| 9 | 73 × 6 | 438 | 488 | 428 |
| 10 | 57 × 8 | 456 | 806 | 406 |
| 11 | 68 × 7 | 476 | 776 | 426 |
| 12 | 49 × 9 | 441 | 1081 | 361 |
| 13 | 84 × 6 | 504 | 604 | 484 |
| 14 | 96 × 4 | 384 | 444 | 364 |
| 15 | 207 × 4 | 828 | 888 | 808 |
| 16 | 350 × 3 | 1050 | 1250 | 950 |
| 17 | 106 × 8 | 848 | 3228 | 808 |
| 18 | 470 × 6 | 2820 | 4820 | 2420 |

29 × 3-க்கு 627 என்று எழுதினால் அது வேறு சங்கதி. 2 × 3 = 6-ஐயும் 9 × 3 = 27-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிவிட்டாள். அப்படி வந்தால் கையில் வைப்பதையே மறந்து பழைய நிலைக்குப் போயிருக்கிறாள். பத்துக் கட்டு, உதிரிக் குச்சி வைத்து மறுபடி தொடங்குங்கள்.

10-உம் 11-உம் வேண்டுமென்றே அடுத்தடுத்து வைத்தவை. ஒன்றில் 7 × 8, மற்றதில் 8 × 7, இரண்டிலும் 56. ஒன்று மட்டும் தடுமாறினால் ஒரு வாய்ப்பாட்டை வரிசையாகச் சொல்லத்தான் தெரிகிறது, நடுவில் கேட்டால் வரவில்லை என்று பொருள்.

ஈ பகுதியில் பூஜ்ஜியத்துக்கே உரிய தவறுகளும் உண்டு. 207 × 4-க்கு 868 வந்தால் 0 × 4 = 4 என்று நினைக்கிறாள்; 106 × 8-க்கு 928 வந்தாலும் அதே காரணம். 207 × 4-க்கு 108 வந்தால் நடுப் பூஜ்ஜியத்தை விட்டு 27 × 4 போட்டிருக்கிறாள். 106 × 8-க்கு 128 வருவதும் அப்படியே. 350 × 3-க்கு 105, 470 × 6-க்கு 282 என்றால் கடைசிப் பூஜ்ஜியத்தை எழுதவில்லை. பூஜ்ஜியத்தைப் பெருக்கினால் பூஜ்ஜியம்தான், ஆனால் கையில் உள்ளது அந்த இடத்தில் வந்து உட்காரும்: 207 × 4-இல் நடுவில் இருக்கும் 2 அப்படி வந்தது.

உ. 19) 38-க்கு அருகில் 40. 40 × 4 = 160. 38 அதைவிடக் குறைவு, ஆகவே விடை 160-ஐத் தாண்டவே முடியாது. 8 × 4 = 32; 2 போட்டு, கையில் 3. 3 × 4 = 12, 12 + 3 = 15. விடை 152. அந்த மாணவன் 3 + 3 = 6 என்று முதலில் கூட்டி, 6 × 4 = 24 போட்டுவிட்டான்.

தாளில் எங்களுக்கு மிக முக்கியமான கணக்கு இதுதான். அடுத்தவர் தவறைக் கண்டுபிடிக்கும் பிள்ளை தன் நோட்டிலும் அதைக் கண்டுகொள்ளும். "நீயும் இப்படித்தான் போட்டாய்" என்று நீங்கள் சொல்ல வேண்டாம், அவளாகச் சொல்லட்டும்.

ஊ. 20) 14 × 8 = 112 பழம். (முதலில் கூட்டினால் 322, மறந்தால் 82.)
21) 28 × 7 = 196 ரூபாய். (முதலில் கூட்டினால் 496, மறந்தால் 146.) 30 × 7 = 210, ஆகவே 210-க்குள் இருக்க வேண்டும்.
22) 30 × 9 = 270; 270 − 247 = 23 முட்டை. பள்ளித் தாளில் இல்லாத இரண்டு படிக் கணக்கு இது. வராவிட்டால் விட்டுவிடலாம்.

எல்லா விடைகளையும் நேர்முறையில் ஒருமுறையும் உடைத்துப் பெருக்கி ஒருமுறையும் சரிபார்த்திருக்கிறோம்.

அடுத்து என்ன

ஆ பகுதியில் நான்கில் இரண்டுக்கு மேல் "முதலில் கூட்டி" பத்தியில் விழுந்தால் இ பகுதிக்குப் போகாதீர்கள். அந்த நான்கையும் உடைத்து எழுதும் முறையில் மட்டும் இரண்டு நாள் போடட்டும். தவறுகள் "மறந்தால்" பத்திக்கு மாறியிருந்தால் அது முன்னேற்றமே. பழைய வழக்கம் போய்விட்டது, கட்டத்தைப் பார்க்கத்தான் மறக்கிறாள்.

இன்னும் கணக்கு வேண்டுமென்றால் நீங்களே போடலாம். ஒன்றின் இடத்து எண்ணையும் பெருக்கும் எண்ணையும் முதலில் தேர்ந்தெடுங்கள். இரண்டின் பெருக்கல் 10 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். 51 × 9 பார்க்கப் பெரிய கணக்கு, ஆனால் 1 × 9 = 9, கையில் எதுவும் வராது, நாம் பார்க்க நினைப்பதைப் பார்க்கவே முடியாது. 47 × 3, 65 × 8, 78 × 4 போன்றவை நல்லவை. விடைகள் 141, 520, 312. முதலில் கூட்டினால் 181, 800, 402.