பொருள்: ‘பாலாற்றுப் படுகை ஏரிப் பாசனச் சொற்கள்’ கட்டுரை – மதிப்பீட்டாளர் கருத்துகளுக்குப் பதில்

மதிப்பிற்குரிய பதிப்பாசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மதிப்பீட்டாளர்கள் இருவரின் கருத்துகளும் கிடைத்தன. இருவருமே கட்டுரையை வரி வரியாகப் படித்திருக்கிறார்கள். இவ்வளவு நேரம் ஒதுக்கியதற்கு என் மனமார்ந்த நன்றி. திருத்திய பிரதியை இணைத்துள்ளேன். மாற்றிய இடங்கள் நீல எழுத்தில் உள்ளன. கீழே தரும் பக்க எண்கள் எல்லாம் இந்தத் திருத்திய பிரதிக்கு உரியவை. பெயர் மறைத்த மதிப்பீடு என்பதால் இந்தப் பதிலில் என் பெயரை இடவில்லை.

முதல் மதிப்பீட்டாளருக்கு

கருத்து 1: “வடாற்காடு என்று கட்டுரை எதைச் சொல்கிறது என்பது தெளிவாக இல்லை.”

சரியான கேள்வி. 1911இல் சித்தூர் தனி மாவட்டமாகும்வரை அந்தப் பகுதியும் வடாற்காட்டில்தான் இருந்தது. 1989இல் திருவண்ணாமலை பிரிந்தது. 2019இல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றானது. நான் களப்பணி செய்த 14 ஊர்களும் இன்றைய வேலூர், ராணிப்பேட்டை மாவட்டங்களில் உள்ளவை. இதை முதல் பக்கத்திலேயே சொல்லிவிட்டேன். பழைய ஆவணங்களைக் குறிக்கும் இடங்களில் மட்டும் ‘வடாற்காடு’ என்பதை விட்டுவைத்திருக்கிறேன்.

கருத்து 2: “வரைபடத்தில் அணைக்கட்டு தவறான இடத்தில் உள்ளது.”

பிழை என்னுடையது, மன்னிக்கவும். வேலூர் மாவட்டத்தில் உள்ள அணைக்கட்டு என்ற ஊரையும், வாலாஜாப்பேட்டைக்கு அருகே பாலாற்றின் குறுக்கே உள்ள அணைக்கட்டையும் ஒன்றாக்கிவிட்டேன். காவேரிப்பாக்கம் ஏரிக்குத் தண்ணீர் போவது இரண்டாவதிலிருந்து. புதிய வரைபடம் பக்கம் 4இல் உள்ளது.

கருத்து 3: “‘கலங்கல்’ என்ற சொல் ‘கலங்கிய நீர்’ என்பதிலிருந்து வந்தது என்ற விளக்கத்துக்குச் சான்று இல்லை.”

முழுமையாக ஏற்கிறேன். ஏரியில் மிகுதியான நீர் வழியும் இடத்தின் பெயருக்கு, ஒலி ஒத்திருக்கிறதே என்று அவசரப்பட்டு அந்த விளக்கத்தை எழுதிவிட்டேன். கலிங்கு, கலுங்கு, கலிங்கல் என்று இகரமும் உகரமும் வரும் வடிவங்களைச் சேர்த்துப் பார்க்காமல் ‘கலங்கல்’ என்ற ஒரு வடிவத்தை மட்டும் வைத்து வேர் சொன்னது முறையல்ல. 1886இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதியும் ‘காலிங்குலா’ என்ற ஆங்கிலேயர் வழக்குக்குத் தமிழ் மூலமாகக் ‘கலிங்கல்’ என்பதையே தருகிறது. ‘கலங்கல்’ என்பது, பொருள் தெரிந்த வேறொரு சொல்லின் சாயலில் பிற்பாடு மாறிய வடிவமாக இருக்கலாம் என்று மட்டும் இப்போது எழுதியுள்ளேன் (பக்கம் 9). வேர் எது என்று முடிவு சொல்லவில்லை.

களத்தில் ஒரு விவசாயி இதே விளக்கத்தை மறுத்திருந்தார்: “கலங்கத் தண்ணி உள்ள வரும். மண்ணு அடியில தங்கிடும். கலங்கல்ல போறது மேல் தண்ணி.” அன்றைக்கே நான் யோசித்திருக்க வேண்டும். இது மொழியியல் சான்று ஆகாது என்பதால் கட்டுரையில் சேர்க்கவில்லை. உங்களுக்குச் சொல்லத் தோன்றியது.

கருத்து 4: “மகேந்திரவாடிக் கல்வெட்டும் உத்தரமேரூர்க் கல்வெட்டும் எதற்குச் சான்று?”

மகேந்திரவாடியில் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த கோயிலின் கல்வெட்டு சமஸ்கிருதத்தில் உள்ளது. அது அங்கே ஏரி இருந்ததைக் காட்டுமே தவிர, ஊரார் அதை என்ன சொல்லால் அழைத்தார்கள் என்பதைக் காட்டாது. அந்த வாக்கியத்தை அப்படியே திருத்திவிட்டேன். முதலாம் பராந்தகன் காலத்து (919, 921) உத்தரமேரூர்க் கல்வெட்டுகளில் ‘ஏரி வாரியம்’ வருகிறது. ஆனால் உத்தரமேரூர் என் ஆய்வுப் பகுதிக்கு வெளியே உள்ளது. எனவே தொண்டை மண்டலத்தில் இந்த ஆட்சிச் சொல் வழங்கியது என்ற அளவோடு நிறுத்திக்கொண்டேன்.

இரண்டாம் மதிப்பீட்டாளருக்கு

கருத்து 1: “தகவலாளிகள் 41 பேரில் பெண்கள் 6 பேர் மட்டுமே. மடை திறப்பது ஆண்கள் வேலை என்பதால் சொற்களும் அவர்களிடமே இருக்கும் என்று ஆய்வாளர் கருதுகிறாரா?”

அப்படி எழுதவில்லை. ஆனால் அப்படி நடந்துகொண்டிருக்கிறேன் என்பது இந்தக் கேள்வியைப் படித்த பிறகுதான் புரிந்தது. ஐப்பசியில் மறுபடியும் ஐந்து ஊர்களுக்குப் போய், நடவு, களையெடுப்பு வேலை செய்யும் 9 பெண்களிடம் பேசிப் பதிவு செய்தேன். கட்டுரையின் முக்கியமான திருத்தமே அதிலிருந்துதான் வந்தது. அடுத்த கருத்துக்கும் அதுவே பதில்.

கருத்து 2: “‘கோடி’ கன்னடக் கடன்சொல் என்பதை ஆய்வாளர் எப்படி உறுதியாகச் சொல்கிறார்?”

உறுதியாகச் சொல்லியிருக்கக் கூடாது. ஏரி நிரம்பி வழிவதை இந்தப் பக்கத்தில் “ஏரி கோடி போச்சு” என்பார்கள். கன்னடத்திலும் ஏரி வழியும் இடம் ‘கோடி’தான். அதை வைத்துக் கடன் என்று எழுதினேன். காவேரிப்பாக்கம் அருகே, எழுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மாவிடம், “கோடின்னா என்னம்மா?” என்று கேட்டேன். களைக்கொத்தைக் கீழே வைத்துவிட்டு வரப்பில் உட்கார்ந்தார். வலது கையை வளைத்து மண்மேல் கிடத்தி, “இது கரை” என்றார். இடது கை விரலால் முழங்கையிலிருந்து நுனிவரை தடவிக்கொண்டே வந்து, விரல் நுனியில் நிறுத்தி, “கரை இங்க முடியுது பாரு. தெருக்கோடி மாதிரி. இங்கதான் தண்ணி தாண்டும்” என்றார்.

‘கோடி’ என்பதற்குக் கடைசி முனை என்ற பொருள் தமிழில் இன்றும் வழக்கில் உள்ளது. ‘கோடு’ என்பதற்கு நீர்க்கரை என்ற பொருளை அகராதிகள் தருகின்றன. எட்டாம் நாள் பிறைபோல் வளைந்த கரையுடைய சிறு குளத்தைப் புறநானூறு 118ஆம் பாட்டில் கபிலர் காட்டுகிறார். அந்த அம்மா மண்ணில் கையை வளைத்தபோது எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது. ஒருவர் தரும் விளக்கம் சொற்பிறப்புக்குச் சான்றாகிவிடாது என்பதை மறக்கவில்லை. அதனால் ‘கடன்சொல்’ என்ற முடிவை நீக்கிவிட்டு, “இரு மொழிக்கும் பொதுவான பழஞ்சொல்லாகவும் இருக்கலாம், கடன் என்று கொள்ள இப்போதுள்ள சான்று போதாது” என்று பக்கம் 12இல் எழுதியுள்ளேன்.

கருத்து 3: “தகவலாளிகளின் பேச்சை எழுத்துத் தமிழுக்கு மாற்றலாம்.”

இந்த ஒன்றில் மட்டும் பணிவோடு மாறுபடுகிறேன். ‘கோடி போச்சு’ என்பதை ‘கோடி வழியாக நீர் வெளியேறியது’ என்று மாற்றினால், ‘போ’ என்ற வினையோடு சேர்ந்து வரும் வழக்கு மறைந்துவிடும். கட்டுரை ஆராய்வதே அந்த வழக்கைத்தான். ஆனால் பிற வட்டாரத்து வாசகருக்குச் சிரமம் இருக்கும் என்பது உண்மை. அதனால் ஒவ்வொரு மேற்கோளுக்குக் கீழேயும் எழுத்துத் தமிழில் பொருள் தந்துள்ளேன்.

கருத்து 4: எழுத்துப்பிழைகள். சுட்டிய 11 இடங்களையும் திருத்திவிட்டேன்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். புதிய களப்பதிவுகளைச் சேர்த்ததில் கட்டுரை இதழின் வரம்பைவிட ஏறத்தாழ 600 சொற்கள் நீண்டுவிட்டது. குறைக்க வேண்டும் என்றால், மதகு வகைகள் பற்றிய மூன்றாம் பகுதியைச் சுருக்கித் தருகிறேன். பெண்களின் பதிவுகள் உள்ள பகுதியை முழுதாக விட்டுவைக்க வேண்டுகிறேன். தங்கள் முடிவைத் தெரிவித்தால் ஒரு வாரத்தில் அனுப்பிவிடுவேன்.

அன்புடன்,
கட்டுரையாளர்
வேலூர்

இணைப்பு: திருத்திய கட்டுரை, புதிய வரைபடம், தகவலாளிகள் அட்டவணை (பெயர் நீக்கியது)