மாவு மெஷின் கணக்கு: ஐந்து வரியில் போட வேண்டாம், ஒரு பெருக்கல் போதும்

வித்யா, செம்பூரிலிருந்து குர்லா வருவதற்குள் நீ அனுப்பிய கணக்கை ரயிலிலேயே போட்டுப் பார்த்துவிட்டேன். விடை தப்பாக வந்ததற்குக் காரணம் சூத்திரம் இல்லை, அதற்கு ஒரு படி முன்னாலேயே வழுக்கிவிட்டாய். முதலில் கேள்வியை நிதானமாகப் படி:

"மாட்டுங்காவில் இட்லி மாவு விற்கும் ஒருவர் ₹4,00,000-க்கு அரவை மெஷின் வாங்க நினைக்கிறார். ஆயுள் 5 ஆண்டு, கடைசியில் கழிவு மதிப்பு இல்லை. நேர்கோட்டு முறையில் தேய்மானம். தேய்மானமும் வரியும் போக ஆண்டு லாபம் ₹40,000. மூலதனச் செலவு 12%. (அ) என்.பி.வி., அதாவது நிகர இன்றைய மதிப்பு, காண்க. (ஆ) நஷ்டமில்லாமல் இருக்க ஆண்டுக்குக் குறைந்தது எவ்வளவு வரவு வேண்டும்?"

நீ 40,000-ஐ அப்படியே எடுத்துப் பெருக்கி, மைனஸ் ₹2,55,808 என்று எழுதி, மெஷின் வேண்டாம் என்று முடித்துவிட்டாய். பாவம் அந்த மாவுக்கடைக்காரர். தேய்மானம் கணக்குப் புத்தகத்தில் எழுதுகிற செலவுதான், அவர் கல்லாவிலிருந்து ஒரு ரூபாய்கூட அதற்காக வெளியே போவதில்லை. நமக்கு வேண்டியது கைக்கு வரும் பணம், அதனால் கழித்ததைத் திரும்பக் கூட்டு:

```
Depreciation = 4,00,000 / 5 = 80,000
Inflow = 40,000 + 80,000 = 1,20,000
```

ஆண்டுதோறும் ஒரே தொகை வருவதால்தான் குறுக்குவழி: வருடம் ஒரு ரூபாய் வீதம் n வருடம் வந்தால், r வட்டி வீதத்தில் அதன் இன்றைய மதிப்பு என்ன என்று சொல்லும் AF-ஆல் ஒரே தடவை பெருக்கினால் போதும். வேறுவேறு தொகை என்றால் வருடத்துக்கு ஒரு வரியாகத் தனித்தனியே போட்டே ஆக வேண்டும், வழியில்லை.

```
AF = (1 - (1+r)^-n) / r
   = (1 - 1.12^-5) / 0.12
   = (1 - 0.567427) / 0.12
```

இதை மனப்பாடம் செய்தால் பரீட்சை ஹாலில் மேலே எது, கீழே எது என்று குழம்பும், அதனால் இப்படி யோசி. ஒரு ரூபாயை 12% வட்டிக்கு பேங்கில் போடுகிறாய். ஐந்து வருடமும் வருடக் கடைசியில் 12 பைசா வட்டி வரும், ஐந்தாவது வருடக் கடைசியில் அசல் ஒரு ரூபாயும் திரும்பி வரும். அந்த அசலின் இன்றைய மதிப்பு சுமார் 0.5674. மொத்தமாக நீ போட்டது ஒரு ரூபாய்தானே, அப்படியானால் மீதி 0.4326 அந்த ஐந்து 12 பைசாக்களின் மதிப்பு. பன்னிரண்டு பைசா வீதம் வந்தால் 0.4326 என்றால் ஒரு ரூபாய் வீதம் வந்தால் எவ்வளவு? 0.12-ஆல் வகுத்தால் ஆயிற்று, சூத்திரம் தானே வந்துவிட்டது. (சாரும் புத்தகமும் இதைச் சொல்லாமல் நேரே பெருக்குத் தொடருக்குப் போய்விடுவது எனக்குப் புரிந்ததே இல்லை.)

வகுக்கும்போது 0.567427-ஐ 0.567 என்று சுருக்காதே. அந்தச் சின்ன வித்தியாசத்தையும் 0.12-ஆல் வகுக்கிறோம், அதனால் பிழை எட்டு மடங்குக்கு மேல் பெருகும். விடை 3.6048. சரிபார்க்க உன் சாதாரண கால்குலேட்டரே போதும்: 1 ÷ 1.12 அடித்து = பட்டனை ஐந்து தடவை அழுத்தி, அப்புறம் GT அழுத்து. நிறைய மாடல்களில் அந்த ஐந்து விடைகளின் கூட்டுத்தொகை, அதாவது இதே 3.6048, வந்து நிற்கும். ஆனால் தாளில் சூத்திரத்தை எழுதிக் காட்டு, படிக்கு மார்க் உண்டு.

```
PV  = 1,20,000 x 3.6048 = 4,32,576
NPV = 4,32,576 - 4,00,000 = 32,576
```

பிளஸ், அதனால் வாங்கலாம். அட்டவணையில் இருக்கும் 3.605-ஐப் போட்டால் ₹32,600 வரும், பக்கத்து பெஞ்சு விடை அப்படி இருந்தால் பயப்படாதே, இரண்டும் சரிதான்.

(ஆ) இதற்காகப் புதிதாக எதுவும் செய்யத் தேவையில்லை, என்.பி.வி. பூஜ்யம் என்று வைத்துத் திருப்பிப் போடு:

```
4,00,000 / 3.6048 = 1,10,963
```

அதாவது வருட வரவு ஒன்பதாயிரம் ரூபாய் சொச்சம் குறைந்தாலே அவருக்கு இடிக்க ஆரம்பிக்கும். இவ்வளவு ஒட்டி நிற்கும் கணக்கு என்பதை விடையின் கீழ் ஒரு வரி எழுதிவிடு, திருத்துகிறவருக்குப் பிடிக்கும்.

ஒரே ஒரு விஷயம்: இது எல்லாம் வரவு ஆண்டு முடிவில் வருவதாக வைத்துச் செய்தது. கேள்வியில் "ஆண்டின் தொடக்கத்தில்" என்று இருந்தால் 3.6048-ஐ இன்னொரு தடவை 1.12-ஆல் பெருக்கு, போன வருடத் தாளில் இதில்தான் வலை விரித்திருந்தார்கள். சரி, என் ஸ்டேஷன் வந்துவிட்டது. அடுத்த கணக்கை நீயே போட்டு ராத்திரி அனுப்பு, பெரியம்மா போன் செய்து எழுப்புவதற்கு முன்னால் பார்த்து வைக்கிறேன்.