பலெர்மோ வீட்டுக் கொள்முதல் உறுதியும் விசூராவும்: தமிழ் மொழிபெயர்ப்பு

நிரஞ்சன் அண்ணை, கையொப்பம் வைக்கும் நாளுக்கு முன்பே நிதானமாக வாசிப்பதற்காக இதை அனுப்புகிறேன். நொத்தாரிசு அலுவலகம் தந்த உறுதி வரைவும், வரிக்கான கட்டடப் பதிவேடாகிய கட்டாஸ்தோவில் எடுத்த விவரச் சான்றான விசூராவும் இதில் உண்டு. சதுர அடைப்புக்குள் இருப்பவை என் குறிப்புகள். அன்று உறுதியின் அடியில் சேர்க்கப்படும் தமிழில் அவை இருக்காது. வரி எண்களை நான் இங்கே எடுத்தெழுதவில்லை. அவற்றை இத்தாலிய மூலத்தில் உங்கள் அட்டையோடு நேரே ஒப்பிட்டுப் பாருங்கள்.

முதற் பகுதி: விற்பனை உறுதி

இத்தாலியக் குடியரசு. 2025 மே 20, செவ்வாய்க்கிழமை, பலெர்மோவிலுள்ள எனது அலுவலகத்தில், நொத்தாரிசாகிய என் முன்னிலையிலும் இரு சாட்சிகள் முன்னிலையிலும் தோன்றியவர்கள்:

ரோசாலியா ஃபெர்ராண்டே, 1954-ல் பலெர்மோவில் பிறந்தவர், கணவரை இழந்தவர், இனி "விற்பவர்";

தர்மகுலசிங்கம் நிரஞ்சன், 1978-ல் இலங்கை சாவகச்சேரியில் பிறந்தவர், இலங்கைக் குடிமகன், பலெர்மோவில் வசிப்பவர், செல்லுபடியாகும் வதிவிட அனுமதி உடையவர், இனி "வாங்குபவர்". தாம் 2006-ல் திருமணம் செய்தவர் என்றும், தம் மனைவியும் இலங்கைக் குடிமகள் என்றும், தமது திருமணச் சொத்து முறை இலங்கைச் சட்டத்துக்கு உட்பட்டது என்றும் அவர் அறிவிக்கிறார்.

[அண்ணை, இந்த ஒரு வரியை மேலோட்டமாக விட்டுவிடாதீர்கள். யாழ்ப்பாணத் தமிழருக்குத் தேசவழமை என்ற தனிச் சட்டம் இருக்கிறது. திருமணத்தின் பின் காசு கொடுத்து வாங்கும் சொத்தைத் "தேடிய தேட்டம்" என்று அது தனியாகப் பார்க்கிறது. "இலங்கைச் சட்டம்" என்று மட்டும் எழுதினால் இது நொத்தாரிசுக்குத் தெரியவராது. அக்காவோடு பேசிவிட்டு, கையொப்பத்துக்கு முன்பே நொத்தாரிசிடம் சொல்லுங்கள். வேறோர் இலங்கைச் சான்று வேண்டுமென்றால் அதை எடுக்கவும் காலம் வேண்டும்.]

வாங்குபவர் இத்தாலிய மொழியைப் போதிய அளவு அறியாதவர் என்பதாலும், எனக்குத் தமிழ் தெரியாது என்பதாலும், 1913 பெப்ரவரி 16-ன் 89-ஆம் இலக்கச் சட்டத்தின் 55-ஆம் பிரிவின்படி, தரப்பினர் தெரிந்தெடுத்த மொழிபெயர்ப்பாளர் கலந்துகொள்கிறார். தம் கடமையை உண்மையாகச் செய்வதாக அவர் என் முன் சத்தியம் செய்தார்.

[வாங்குபவர் கையொப்பமிடக்கூடியவர் என்பதால், என்னைத் தவிர சாட்சிகளில் ஒருவருக்காவது தமிழ் தெரிந்திருக்க வேண்டும். நான் மொழிபெயர்ப்பாளராக இருப்பதால் சாட்சியாக நிற்க முடியாது. நம்பிக்கையான ஒருவரை நீங்கள் கூட்டிவர வேண்டும்.]

1. விற்பவர், பலெர்மோவில் வியா ஓரெத்தோ 188-ஆம் இலக்கக் கட்டடத்தின் மூன்றாம் மாடியிலுள்ள குடியிருப்பின் முழு உரிமையையும் வாங்குபவருக்கு விற்கிறார். வாங்குபவர் அதை ஏற்று வாங்குகிறார். கட்டாஸ்தோவில் அது: தாள் 71, துண்டு 342, உபஎண் 9. கட்டடத்தின் பொதுப் பகுதிகளிலுள்ள பங்கும் இதில் அடங்கும். விற்பனை மொத்தமாகச் செய்யப்படுகிறது, அளவுப்படி அல்ல.

[இதன் பொருள், சதுர மீற்றருக்கு இவ்வளவு என்று விலை பேசவில்லை என்பதே. உறுதியில் சொல்லும் அளவுக்கும் உண்மை அளவுக்கும் இருபதில் ஒரு பங்குக்கு மேல் வித்தியாசம் வந்தால்தான் விலையைத் திருத்தக் கேட்கலாம்.]

2. விலை 68,000 யூரோ. இதில் 8,000 யூரோ, முன் ஒப்பந்தத்தின்போது உறுதிப்பாட்டு முற்பணமாக வங்கி மாற்றத்தில் செலுத்தப்பட்டது. மீதி 60,000 யூரோ, பெயருக்கு மட்டும் செல்லுபடியாகும் வங்கிக் காசோலையாக இன்று கொடுக்கப்படுகிறது. விற்பவர் முழுத் தொகையும் பெற்றுக்கொண்டதாக ஒப்புக்கொண்டு, சட்டப்படி எழக்கூடிய அடமான உரிமையைக் கைவிடுகிறார். இந்த விற்பனையில் தரகர் எவரும் இல்லை என இரு தரப்பினரும் தம் பொறுப்பில் அறிவிக்கின்றனர்.

3. விற்பவர் இந்த ஆதனத்தைத் தம் தாயின் மரணத்தால், 2009-ல் திறந்த மரபுரிமையில் பெற்றார். மரபுரிமையை மறைமுகமாக ஏற்றதைப் பதிவு செய்யுமாறு நொத்தாரிசைக் கேட்கிறார். ஆதனம் அடமானம், பறிமுதல், பிறர் உரிமை எதுவுமின்றி இருப்பதாகவும், வேறொருவர் உரிமை கோரினால் தாம் பொறுப்பு என்றும் உறுதியளிக்கிறார்.

[இந்த மரபுரிமைப் பதிவு அவசியம். வரி அலுவலகத்தில் மரண அறிவிப்புக் கொடுத்தாலே வீடு முழுமையாக மகளுக்கு வந்துவிட்டதாகக் கருத முடியாது. தாயிலிருந்து மகள், மகளிலிருந்து நீங்கள் என்று பதிவுச் சங்கிலி அறுபடாமல் இருக்க வேண்டும். அந்தச் செலவு யாருடையது என்று வரைவில் எழுதப்படவில்லை. அதை இப்போதே கேளுங்கள்.]

4. கட்டடம் 1967 செப்டெம்பர் 1-க்கு முன் கட்டத் தொடங்கப்பட்டது என்றும், அதன் பின் அனுமதி தேவையான மாற்றம் எதுவும் செய்யப்படவில்லை என்றும் விற்பவர் அறிவிக்கிறார். கட்டாஸ்தோவிலுள்ள தரவுகளும் தாக்கல் செய்த தளவரைபடமும் வீட்டின் உண்மை நிலையோடு ஒத்திருப்பதாகவும் அறிவிக்கிறார். வாங்குபவர் வரைபடத்தைப் பார்த்ததாக ஒப்புக்கொள்கிறார்.

[என் மனத்தை அரிப்பது இந்தப் பிரிவுதான். பின்பக்கப் பல்கனியைக் கண்ணாடி போட்டு அடைத்து அதற்குள் சமையலறையை நகர்த்தியிருக்கிறார்கள் என்று நீங்கள் சொன்னீர்கள். எனக்குக் கிடைத்த தளவரைபடத்தில் அது திறந்த பல்கனி. சமையலறையும் வேறிடத்தில் இருக்கிறது. அப்படியானால் "மாற்றம் இல்லை", "ஒத்திருக்கிறது" என்ற இரண்டு வாக்கியங்களும் எப்படி உண்மையாகும்? வரைபடம் ஒத்திருக்கிறது என்ற அறிவிப்பு, 1985-ன் 52-ஆம் சட்டத்தின் 29-ஆம் பிரிவில் 2010-ல் சேர்க்கப்பட்டது. அது இல்லாத உறுதி செல்லாது. எழுதினால் மட்டும் போதாது, எழுதியது உண்மையாகவும் இருக்க வேண்டும். நாளை நீங்கள் விற்கப் போகும்போதும், கடன் கேட்கப் போகும்போதும் இதே கேள்வி உங்களிடம் வரும். கட்டட அளவையாளரான ஒரு ஜியோமெத்ராவைக் கூட்டிப்போய்ப் பார்த்த பின் கையொப்பமிடுங்கள்.]

5. வாங்குபவருக்கு உரிமையும் கைவசமும் இன்றே மாறுகின்றன, திறப்புகள் ஒப்படைக்கப்பட்டன. எரிசக்திச் சான்றிதழ், வகுப்பு G, இணைக்கப்பட்டுள்ளது. இன்றுவரையுள்ள கட்டடப் பராமரிப்புக் கட்டணங்கள் விற்பவருடையவை.

[ஆனாலும் இந்த ஆண்டு, சென்ற ஆண்டு நிலுவை இருந்தால் கட்டட நிர்வாகம் உங்களிடமும் கேட்கலாம். நிர்வாகியிடமிருந்து "நிலுவை இல்லை" என்ற கடிதம் வாங்குங்கள்.]

6. வாங்குபவர் "முதல் வீடு" சலுகையைக் கோருகிறார். பலெர்மோவில் வசிப்பதாகவும், இதே நகரில் வேறு வீட்டுரிமை தமக்கோ மனைவியோடு கூட்டாகவோ இல்லை என்றும், இத்தாலியில் எங்கும் இச்சலுகையில் வாங்கிய வீடு தமக்கும் மனைவிக்கும் இல்லை என்றும் அறிவிக்கிறார். வரி, கொடுத்த விலையில் அல்லாமல் கட்டாஸ்தோ மதிப்பில் கணக்கிடப்பட வேண்டும் என 2005-ன் 266-ஆம் சட்டத்தின்படி கேட்கிறார். அந்த மதிப்பு 26,843.36 யூரோ.

[232.41 யூரோ வாடகை மதிப்பை 115.5-ஆல் பெருக்கினால் இந்தத் தொகை வரும். அதில் 2 வீதம் 536.87 யூரோதான். ஆனால் பதிவு வரிக்குக் குறைந்தபட்சம் 1,000 யூரோ. அதோடு அடமானப் பதிவேட்டு வரி, கட்டாஸ்தோ வரி என இரு 50 யூரோக்கள் சேர மொத்தம் 1,100. ஐந்து ஆண்டுக்குள் விற்றுவிட்டு, ஓராண்டுக்குள் தாங்கள் வாழ வேறு வீடு வாங்காவிட்டால் சலுகை பறிபோகும்.]

இரண்டாம் பகுதி: விசூரா

வருவாய் முகவரகம், பலெர்மோ மாகாண அலுவலகம், நிலப்பகுதி. 2025 மே 6-ன் நிலை.

கமூனே: பலெர்மோ, குறியீடு G273. தாள் 71, துண்டு 342, உபஎண் 9. வலயம் 2. வகை A/4, வகுப்பு 5. அளவு 4.5 வானி. மொத்தப் பரப்பு 81 சதுர மீற்றர். திறந்தவெளி நீங்கலாக 78. வாடகை மதிப்பு 232.41 யூரோ. முகவரி: வியா ஓரெத்தோ 188, மாடி 3.

[A/4 என்பது எளிய வகைக் குடியிருப்பு. முதல் வீட்டுச் சலுகைக்குத் தடை A/1, A/8, A/9 மட்டுமே, ஆகவே சரி. வானி என்பது கட்டாஸ்தோவின் அறைக் கணக்கு அலகு. 4.5 வானி என்றால் நாலரை அறை என்று எடுக்காதீர்கள்: குளியலறை, நடைவழி போன்றவையும் பின்னமாக இதில் சேரும்.]

உரிமையாளர்: ரோசாலியா ஃபெர்ராண்டே. உரிமை: முழு உடைமை 1/1. தரவு ஆதாரம்: மரணத்தால் ஏற்பட்ட மாற்றம் பற்றிய அறிவிப்பு.

[இந்த வரியை வைத்து "வீடு அவருடையதுதான், கட்டாஸ்தோவே சொல்லுகிறது" என்று இருந்துவிடாதீர்கள். கட்டாஸ்தோ வரிக்கான பதிவு. சிசிலியில் அது உரிமைக்கு நிரூபணம் அல்ல. உரிமையும் அடமானமும் தெரியவருவது ஆதனப் பதிவேட்டில். நொத்தாரிசு அங்கே செய்த தேடலின் முடிவைக் கேட்டு வாங்குங்கள். வந்தால் அதையும் தமிழாக்கித் தருகிறேன். பல்கனி விடயம் தீரும்வரை 20-ஆம் திகதியைத் தள்ளிவைக்கச் சொல்லிக் கேட்கலாம். வேண்டுமானால் நான் உங்களோடு வந்து பேசுகிறேன்.]