மதிய நெரிசலுக்கான ஜூஸ், மாக்டெயில் பட்டியல்: அளவு, அடக்கவிலை, வேகம்

பானக் கவுண்டரில் இருவர், உணவகத்தில் 60 இருக்கைகள், நெரிசல் 12.30 முதல் 2 மணி வரை. அதற்குள் சுமார் 110 கிளாஸ் போக வேண்டும். 90 நிமிடமும் ஒரே சீராக ஆர்டர் வந்தால் கவலையில்லை. ஆனால் 1 மணியை ஒட்டிய 15 நிமிடத்தில் மட்டும் 40 கிளாஸ் கேட்பார்கள். இருவரும் கை ஓயாமல் வேலை செய்தாலும் ஒரு கிளாஸுக்கு 45 வினாடிதான் கிடைக்கும். பட்டியலில் எது இருக்கலாம், எது கூடாது என்பதை அந்த 45 வினாடியை வைத்தே முடிவு செய்திருக்கிறோம்.

மேசையில் வைக்கும் அட்டை

எலுமிச்சை புதினா சோடா – பிழிந்த எலுமிச்சை, புதினா இலை, சோடா
அன்னாசி இஞ்சி ஃபிஸ் – அன்னாசிச் சாறு, இஞ்சி சிரப், எலுமிச்சை, சோடா
குளிர்ந்த தர்பூசணி – ஐஸ் சேர்க்காதது, சர்க்கரை சேர்க்காதது
ஆரஞ்சு ஜூஸ் – சாறும் ஐஸும் மட்டும்
மாம்பழ ஸ்மூத்தி – பால் சேர்ந்தது, 12.30 முதல் 2 மணி வரை கிடைக்காது

வேகமாகத் தரக்கூடியவை மேலே இருக்கின்றன. அட்டையின் முதல் இரண்டு வரியில்தான் பலரின் கண் நிற்கும். வரிசையை மாற்றாதீர்கள்.

அடக்கவிலை

கொள்முதல் விலை வாரத்துக்கு வாரம் மாறுவதால் ஒரு கிலோ ஆரஞ்சின் விலையை 100 என்று வைத்து மற்றதையும் விற்பனை விலையையும் கணக்கிட்டிருக்கிறோம். அதன்படி ஒரு கிலோ எலுமிச்சை 120, அன்னாசி 80, தர்பூசணி 40, மாம்பழம் 150, சர்க்கரை 70, ஐஸ் 20. ஒரு லிட்டர் சோடா 60.

பழத்தின் எடை வேறு, கிளாஸில் இறங்கும் சாறு வேறு. நம் பிழிவில் முழுப் பழத்தின் எடையில் ஆரஞ்சு 45 சதவீதம், அன்னாசி 42, தர்பூசணி 52, எலுமிச்சை 33 சதவீதம் சாறு தருகின்றன. இதைக் கணக்கில் எடுக்காமல் விலை போடும்போதுதான் நஷ்டம் வரும். 200 மி.லி. ஆரஞ்சுச் சாறுக்கு 444 கிராம் பழம் போகிறது. 200 கிராம் என்று நினைத்து விலை போட்டால் பாதிக்கு மேல் கணக்கில் வராமலே போய்விடும். புது லோடு வந்ததும் ஒரு கிலோ பிழிந்து அளந்து பாருங்கள். தோல் தடித்த பழத்தில் 45 என்பது 38 ஆகவும் குறையும்.

| பானம் | அடக்கம் | விற்பனை | மிச்சம் | வினாடி | வினாடிக்கு மிச்சம் |
|---|---|---|---|---|---|
| எலுமிச்சை புதினா சோடா | 24 | 150 | 126 | 30 | 4.2 |
| அன்னாசி இஞ்சி ஃபிஸ் | 37 | 170 | 133 | 20 | 6.7 |
| தர்பூசணி | 21 | 120 | 99 | 15 | 6.6 |
| ஆரஞ்சு, அப்போதே பிழிந்தால் | 47 | 200 | 153 | 70 | 2.2 |
| ஆரஞ்சு, முன்பே பிழிந்தால் | 47 | 200 | 153 | 20 | 7.7 |
| மாம்பழ ஸ்மூத்தி | 42 | 200 | 158 | 90 | 1.8 |

அட்டவணையின் கடைசி நெடுவரிசையைப் பாருங்கள். ஒரு கிளாஸுக்கு அதிகம் மிச்சம் தருவது ஸ்மூத்திதான். ஆனால் மிக்ஸியில் அடித்து, கழுவி, அடுத்ததற்குத் தயாராக 90 வினாடி ஆகிறது. அந்த நேரத்தில் நான்கு கிளாஸ் அன்னாசி ஃபிஸ் போய்விடும். கூட்டம் இல்லாத நேரத்தில் விற்பனை விலையில் அடக்கம் எத்தனை சதவீதம் என்று பாருங்கள். நெரிசலில் வினாடிக்கு என்ன மிஞ்சுகிறது என்பதுதான் கணக்கு.

நெரிசலுக்கு முன் தயாரிப்பு

எதிர்பார்ப்பு: எலுமிச்சை புதினா 45, தர்பூசணி 25, அன்னாசி 20, ஆரஞ்சு 20.

சர்க்கரை சிரப்: 1 கிலோ சர்க்கரை, 1 கிலோ தண்ணீர். சர்க்கரை கரைந்ததும் அடுப்பை அணைத்துவிடுங்கள். சுமார் 1.6 லிட்டர் கிடைக்கும். கொதிக்க விட்டால் தண்ணீர் ஆவியாகி சிரப் கெட்டியாகும், அதே 30 மி.லி. அளவில் இனிப்பு ஏறிவிடும்.

இஞ்சி சிரப்: நசுக்கிய இஞ்சி 200 கிராமை 650 மி.லி. தண்ணீரில் 15 நிமிடம் மெல்லிய தீயில் வைத்து வடித்து, 600 கிராம் சர்க்கரையைக் கரைக்கவும். ஏறக்குறைய 1 லிட்டர் வரும்; நமக்குத் தேவை 400 மி.லி., மீதி குளிர்பெட்டியில் இருக்கட்டும்.

எலுமிச்சைச் சாறு 1.55 லிட்டர் வேண்டும், அதற்கு 4.7 கிலோ பழம். 11.30-க்கு முன் பிழிய வேண்டாம். சாறு நேரமாக ஆக வாசனை குறைந்து கசப்பு தலைகாட்டும். விதை நசுங்கும் அளவுக்கு அழுத்தினாலும் அதே கசப்புதான்.

அன்னாசிக் கலவை: சாறு 2.4 லிட்டர் (5.7 கிலோ பழம்), இஞ்சி சிரப் 400 மி.லி., எலுமிச்சைச் சாறு 300 மி.லி. மூன்றையும் ஒரே ஜாடியில் கலந்துவிடுங்கள். மூன்று முறை அளப்பதற்குப் பதில் ஒரு முறை 155 மி.லி. அளந்தால் போதும், 20 வினாடி என்ற கணக்கு இந்தக் கலவையை நம்பித்தான். அன்னாசிச் சாறு நுரைக்கும். நுரை அடங்க 10 நிமிடம் விட்டு அளக்கவும், இல்லையென்றால் ஜாடியில் சாறு குறைவாகத்தான் இருக்கும். இந்த ஜாடிப் பக்கம் பாலைக் கொண்டுபோக வேண்டாம். அன்னாசியில் உள்ள புரோமலின் என்ற நொதி பாலைத் திரிய வைத்துக் கசக்கச் செய்யும்.

தர்பூசணி: 12 கிலோவை முந்தின இரவே முழுசாகக் குளிர வையுங்கள். ஐஸ் போடாமல் தர அதுதான் வழி. மிக்ஸியை நிறுத்தி நிறுத்தி இரண்டு மூன்று முறை மட்டும் ஓட்டுங்கள். தொடர்ந்து ஓட்டினால் விதை உடைந்து நரநரக்கும். வடித்த 6.25 லிட்டரில் 125 மி.லி. எலுமிச்சை. நின்றால் மேலே கூழும் கீழே தண்ணீருமாகப் பிரியும். ஒவ்வொரு முறை ஊற்றும் முன்பும் கிளறுங்கள்.

ஆரஞ்சை மட்டும் இரண்டு தடவையாகப் பிழியவும்: 12.15-க்கு 2 லிட்டர், 1.10-க்கு 2 லிட்டர். சில ரக ஆரஞ்சில் சாறு நிற்க நிற்கக் கசப்பு கூடும். மேலும், ஒரேயடியாகப் பிழிந்தது விற்காமல் போனால் பட்டியலிலேயே அடக்கம் கூடிய பானம் சாக்கடைக்குத்தான்.

ஐஸ் கணக்கில் 12.2 கிலோ வருகிறது. உருகலையும் சேர்த்து 16 கிலோ எடுத்து வையுங்கள். சோடா 8 லிட்டர், திறந்த பாட்டிலில் வீணாவதற்காக 9. பாட்டில்கள் காலையிலேயே குளிர்பெட்டிக்குள் போக வேண்டும். சூடான சோடா ஊற்றும்போதே பொங்கி வாயுவை இழந்துவிடும்.

எல்லா ஜாடியிலும் பிழிந்த நேரத்தை எழுதி 5 டிகிரிக்குக் கீழே வையுங்கள். 4 மணி நேரம் தாண்டியதைக் கொட்டிவிடுவது நம் விதி.

கிளாஸில் ஊற்றும் முறை

எலுமிச்சை புதினா சோடா: புதினா இலை 4 கிராம், சிரப் 30 மி.லி. இலையை நசுக்கும் மட்லர் கட்டையால் நான்கு தடவை மெல்ல அழுத்தினால் போதும், வாசனை வந்துவிடும். அரைத்தால் இலை கறுத்துக் கசக்கும். திரும்பி வரும் கிளாஸ்களில் பெரும்பாலும் இந்தத் தவறுதான். பிறகு எலுமிச்சை 25 மி.லி., ஐஸ் 150 கிராம், கடைசியில் சோடா 150 மி.லி. சிரப் கனமானது, அடியில் தங்கும். நீள ஸ்பூனை அடிவரை விட்டு ஒருமுறை தூக்குங்கள். சுற்றிச் சுற்றிக் கலக்கினால் வாயு போய்விடும்.

அன்னாசி இஞ்சி ஃபிஸ்: ஐஸ் 150 கிராம், கலவை 155 மி.லி., சோடா 60 மி.லி. சோடா ஊற்றியதை ஷேக்கரில் போடக் கூடாது, மூடி தெறிக்கும்.

தர்பூசணி 250 மி.லி. நேராக ஊற்றவும். ஆரஞ்சு 200 மி.லி., ஐஸ் 120 கிராம்.

ஒருவர் அளந்து ஊற்றட்டும்; மற்றவர் ஐஸ், சோடா, அலங்காரம், தட்டு. நடுவில் இடம் மாற வேண்டாம். ஒரே பானத்துக்கு மூன்று ஆர்டர் இருந்தால் மூன்று கிளாஸையும் வரிசையாக வைத்து ஒரே வேலையை மூன்றிலும் முடித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். அளவுக் குவளையைக் கைவிட்டுக் கண்ணளவில் ஊற்றினால் எலுமிச்சை 25 மி.லி. 35 ஆகும், 45 கிளாஸில் கூடுதலாகப் போவது 450 மி.லி., அதாவது ஏறக்குறைய 1.4 கிலோ பழம். 1.30 மணிக்கு ஜாடி காலியாவது அப்படித்தான்.

ஆரஞ்சு ஜாடி தீர்ந்தால் நடு நெரிசலில் பிழிய உட்காராமல், பரிமாறுபவரிடம் சொல்லி அன்னாசியை முன்வைக்கச் சொல்லுங்கள். 2 மணிக்கு மீதியை அளந்து ஏட்டில் எழுதவும். ஒரே பானம் மூன்று நாள் தொடர்ந்து 15 சதவீதத்துக்கு மேல் மிஞ்சினால் அடுத்த நாள் முதல் அதன் தயாரிப்பு அளவைக் குறைக்கவும்.