குளங்கள் புத்தகம்: திங்கள் வரவேண்டிய கோப்பு வெள்ளி காலை வரும்

வணக்கம் சேர்,

ஞாயிறு இரவு வட்ஸ்அப்பில் "நாளைக்குத் தர முடியாது, விவரம் பிறகு எழுதுகிறேன்" என்று மட்டும் போட்டேன். போனில் அதற்குமேல் சார்ஜ் இல்லை. விவரம் இதுதான்.

முதலில் உங்களுக்கு வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். அச்சுக்குப் போகும் முழுக் கோப்பும் வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குள் உங்களுக்கும் அச்சகத்துக்கும் வந்து சேரும். முதல் ஆறு அத்தியாயங்களும் முடிந்துவிட்டன, பிடிஎஃப் இத்துடன் இருக்கிறது, இன்றே பார்க்கத் தொடங்கலாம். எதுவும் அழியவில்லை. நீங்கள் கையால் எழுதித் தந்த திருத்தங்கள், பழைய புகைப்படங்கள், பக்கமாக்கிய கோப்புகள் எல்லாவற்றுக்கும் வெளி ஹார்ட் டிஸ்கில் பிரதி இருக்கிறது. போனது நாட்கள்தான்.

ஏன் போனது என்றால், வரைபடங்கள். யாழ்ப்பாணத்திலிருந்து நீங்கள் செய்வித்து அனுப்பிய வரைபடக் கோப்புகள் புதிய மென்பொருளில் செய்தவை, என்னிடம் இருந்த பழைய பதிப்பில் திறக்கவே இல்லை. புதிய பதிப்பைப் போடப் போனால் அது விண்டோஸ் 11 கேட்டது, என் லப்டொப்பில் இருந்தது 10. அதற்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2025 ஒக்டோபர் 14 உடன் நின்றுவிட்டன, எப்படியும் மாறத்தான் வேண்டும், ஆனால் உங்கள் வேலை முடிந்த பிறகு ஆறுதலாக மாறலாம் என்று வைத்திருந்தேன். வரைபடங்களை வெறும் படமாக வாங்கி ஒட்டியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். ஒட்டிப் பார்த்தேன் சேர். முத்தையன்கட்டு வாய்க்கால் பெயர்கள் அச்சில் எறும்பு ஊர்ந்ததுபோல் வந்தன, அதோடு ஊர்ப் பெயர்களில் நீங்கள் சொன்ன திருத்தங்களைப் படத்துக்குள் போய்ச் செய்யவும் முடியாது. ஆகவே மேம்படுத்தலைத் தொடங்கினேன்.

ஐந்து ஜிபிக்கு மேல் இறக்க வேண்டும். எங்கள் பக்கம் பைபர் இன்னும் வரவில்லை, கூரையில் கட்டிய 4ஜி றவுட்டர்தான், பின்னேரம் ஆனால் ஊரே போனும் கையுமாக இருக்கும்போது அது நடந்துதான் வரும். சரி, இரவில் இறக்கி முடித்தேன். அதன்பிறகுதான் உண்மையான இழுவை. சுழல்கிற பழைய ஹார்ட் டிஸ்க், ஒவ்வொரு வீதமாக ஏறிக்கொண்டிருக்கிறது, இடையில் நிறுத்தவும் முடியாது, வேறு வேலை செய்யவும் முடியாது. பாதிக்கு மேல் போன நேரம் பார்த்துச் சோளகம் தொடங்கிவிட்டது. வைகாசிக் காற்று உங்களுக்குத் தெரியும்தானே, எங்கோ ஒரு மட்டை கம்பியில் விழ கரண்ட் போனது. லப்டொப் பற்றரி பேருக்குத்தான் இருக்கிறது, யூபிஎஸ் தாங்கும் நேரமும் கொஞ்சம்தான்.

கரண்ட் வந்து திரும்பப் போட்டால் திரையில் `Undoing changes made to your computer`. செய்ததை எல்லாம் பழையபடி திருப்புகிறதாம். நல்ல ஏற்பாடுதான், அதனால்தான் கோப்புகளுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் அந்தத் திருப்புதலுக்கும் ஏறுவதற்குப் பிடித்த அளவு நேரம் பிடித்தது, அதற்குள் கரண்ட் மறுபடி போய்விடக்கூடாதே என்று யூபிஎஸ்ஸையே பார்த்துக்கொண்டிருந்ததில் ஞாயிறு முழுக்கப் போய்விட்டது.

திங்கள் விடிய லப்டொப்பையும் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் கிளிநொச்சி ரவுணுக்குப் போனேன். அங்கே மச்சான் வீட்டில் பைபரும் இருக்கிறது, சோலர் பற்றரியும் இருக்கிறது. பழைய டிஸ்கைக் கழற்றி எஸ்எஸ்டி ஒன்று போடுவித்து (அது என் செலவு, உங்கள் கணக்கில் வராது), பழைய டிஸ்கை அப்படியே அதில் பிரதி எடுத்துத் திரும்பத் தொடங்கியதும், பெரும்பாலும் பிரச்சினை இல்லாமல் ஏறிவிட்டது.

முடிந்தது என்று பார்த்தால் அடுத்தது எழுத்துரு. மிச்ச அத்தியாயங்களுக்கு நீங்கள் சேர்த்த பழைய கட்டுரைகள் பாமினியில் அடித்தவை. புதிய மென்பொருளில் திறந்தால் குளம் என்ற இடமெல்லாம் `Fsk;` என்று நிற்கிறது. எழுத்துருவை மறுபடி போட்டால் பார்வைக்குச் சரியாகிவிடும், ஆனால் அப்படியே விட்டால் நாளைக்கு மின்னூலாகப் போடும்போதோ பிடிஎஃப்புக்குள் தேடும்போதோ திரும்ப இதே கூத்துத்தான். அதனால் அந்தப் பகுதிகளை யூனிகோடுக்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன். மாற்றுகருவி கொம்பையும் காலையும் அங்கங்கே பிசகி வைக்கும், ஆங்கிலச் சொல்லையும் எண்ணையும் கலந்து எழுதிய இடங்களில் இன்னும் மோசம், கண்ணால் பார்த்துத்தான் திருத்த வேண்டும். வெள்ளி வரை நான் கேட்பதில் பாதி இதற்குத்தான். மீதி, பதிப்பு மாறியதில் வரி முறிவுகள் நகர்ந்து சில பக்கங்களின் கடைசி வரி அடுத்த பக்கத்தில் தனியே போய் நிற்கிறது, அவற்றை இழுத்துக் கட்ட.

வெளியீடு வற்றாப்பளைப் பொங்கலுக்கு முன் என்பது எனக்கு நினைவில் இருக்கிறது. வெளியூரில் இருக்கிறவர்களும் வந்து நிற்கும் நேரத்தில் புத்தகம் கையில் இல்லாவிட்டால் அதற்குப் பிறகு வந்து பயனில்லை. இன்று காலை அச்சகத்தோடு கதைத்தேன். வெள்ளி காலை கோப்புப் போனால் கட்டி முடித்துத் தரலாம் என்கிறார்கள், அட்டை ஏற்கெனவே அவர்களிடம் இருக்கிறது. அவர்கள் பக்கம் ஏதும் இழுபட்டால், வெளியீட்டுக்கு ஐம்பது பிரதி மட்டும் டிஜிட்டலில் எடுத்துவிட்டு மற்றதை ஓப்செற்றில் பிறகு அடிக்கலாம். ஒரு பிரதிக்கு விலை கூடும், அந்தக் கூடுதலை என் மீதிக் கொடுப்பனவில் கழித்துக்கொள்ளுங்கள். எனக்கென்னவோ அதற்குத் தேவை வராது என்றுதான் படுகிறது.

உங்களிடமிருந்து எனக்கு இரண்டு விஷயம் வேண்டும், புதன் இரவுக்குள் வந்தால் நல்லது.

ஒன்று, இணைத்த ஆறு அத்தியாயங்களில் எழுத்துப் பிழை மட்டும் பாருங்கள். பந்தி சேர்ப்பது, நீக்குவது என்று தொடங்கினால் பக்கமெல்லாம் மறுபடி ஓடும், அதை இந்தக் கட்டத்தில் தாங்க முடியாது சேர்.

மற்றது, இரணைமடு. அட்டவணையில் 1902 இல் கட்டத் தொடங்கியதாக இருக்கிறது, மூன்றாம் அத்தியாயத்தில் 1920 என்று வருகிறது. 1920 முடிகிற காலத்தை ஒட்டிய ஆண்டு, தொடங்கிய ஆண்டு அல்ல என்று நினைக்கிறேன், 1902 ஐ வைக்கவா? உங்கள் குறிப்புக் கொப்பியைப் பார்த்து ஒரு சொல் போட்டால் போதும்.

தாமதத்துக்கு மன்னிக்கவும். கரண்ட் நம்ப முடியாததால் வெள்ளி வரை ரவுணிலேயே நின்று வேலை செய்கிறேன், போனும் இங்கே எடுபடும். வியாழன் பின்னேரம் ஐந்து மணிபோல, மிச்ச அத்தியாயங்களை அனுப்பிவிட்டு எடுக்கிறேன்.