சோசியாலஜி முதல் தாள்: பத்து நாள் ரிவிஷன்

தம்பி, மெயின்ஸ் ஆப்ஷனல் முதல் தாளுக்கு நீ கேட்ட அட்டவணை இது. புது நோட்ஸ் எதையும் இனிமேல் கையில் எடுக்காதே.

நாள் 1 மார்க்ஸ், 2 துர்கைம், 3 வெபர். நாள் 4 காலையில் மெர்ட்டன், மதியம் பார்சன்ஸ். நாள் 5 காலையில் மீட். மதியம் ஆறு பேரையும் நோட்ஸ் பார்க்காமல் எழுது.
நாள் 6 அடுக்கமைவு, வேலை. நாள் 7 அரசியல், மதம், குடும்பம். நாள் 8 ஆய்வுமுறைகள், சமூக மாற்றம்; முதல் இரண்டு அலகுகளை மேலோட்டமாகப் பார்த்தால் போதும்.
நாள் 9 பழைய வினாத்தாள் ஒன்று, மூன்று மணி நேரம், 250 மதிப்பெண்ணுக்கும். நாள் 10 விட்டுப்போனவை மட்டும்.

தினமும் முதல் அரை மணி நேரம் வெள்ளைத்தாள்தான். நேற்று படித்தவரையும் மூன்று நாளுக்கு முன் படித்தவரையும் நினைவிலிருந்து எழுது. பிறகு நோட்ஸைத் திறந்து, விட்டதைச் சிவப்பில் சேர். திரும்பத் திரும்ப வாசித்தால் எல்லாம் தெரிந்த மாதிரிதான் இருக்கும். ஹாலில் பேனா நகராது.

பட்டியலாக உருப்போடாமல் கட்டம் போடு. துர்கைமின் தற்கொலை வகைகள் நான்குக்கும் இரண்டே கேள்விகள்தான். சமூகப் பிணைப்பு குறைந்தால் ஈகோயிஸ்டிக், மிகுந்தால் ஆல்ட்ரூயிஸ்டிக். ஒழுங்குபடுத்தல் குறைந்தால் அனோமிக், மிகுந்தால் ஃபேட்டலிஸ்டிக். கடைசி வகையை அவர் 1897 நூலில் ஓர் அடிக்குறிப்பில்தான் சொன்னார், அதையும் எழுது.

மெர்ட்டனுக்குக் கூட்டல், கழித்தல் குறி போதும். முதல் குறி இலக்கு, அடுத்தது வழிமுறை. இரண்டும் கூட்டல் என்றால் இணக்கம். இலக்கு மட்டும் கூட்டல் என்றால் புதுமை: ரேங்க் வேண்டும், அதற்காகக் காப்பி அடிப்பவன். வழிமுறை மட்டும் கூட்டல் என்றால் சடங்குத்தனம்: மனு எதற்கென்றே மறந்து, படிவத்தில் கையெழுத்து விட்டுப்போனதற்காக மட்டும் திருப்பி அனுப்பும் கிளார்க். இரண்டும் கழித்தல் என்றால் ஒதுங்கல். இரண்டையும் தள்ளிவிட்டு வேறு இலக்கும் வழியும் வைப்பது கலகம். துர்கைமின் அனோமி வேறு, இவருடையது வேறு. இங்கே சிக்கல், எல்லாருக்கும் ஒரே இலக்கைக் காட்டிவிட்டு வழியை எல்லாருக்கும் தராத சமூகக் கட்டமைப்பு. இந்த வேறுபாட்டை இரண்டு வரியில் எழுதப் பழகு.

பார்சன்ஸுக்கு முதலெழுத்து: த-இ-ஒ-ம. தகவமைப்பு, இலக்கு அடைதல், ஒருங்கிணைப்பு, மறைநிலை பேணல்.

சிந்தனையாளர்களைத் தனித்தனியாகப் படித்தால் கலந்துவிடும். ஒரே கேள்வியை மூவரிடமும் கேள். மதம் என்ன செய்கிறது? மார்க்ஸ்: ஒடுக்குமுறையின் வலியைத் தணிக்கிறது, அதனால் அதை மறைக்கவும் செய்கிறது. துர்கைம்: குழுவை ஒன்றாகக் கட்டுகிறது. வெபர்: மனிதர்களின் பொருளாதார நடத்தையையே திருப்பிவிடக்கூடும். நாள் 7 காலையில் இதை வாய்விட்டு எனக்குப் போனில் சொல், நான் குறுக்கே கேட்கிறேன்.

நாள் 10 மாலை ஆறு மணிக்கு எல்லாவற்றையும் மூடிவிடு. ஹால் டிக்கெட்டையும் இரண்டு கறுப்புப் பேனாவையும் பையில் வைத்துவிட்டுத் தூங்கு.